மூன்றாம் மாடியின் சம்பளக் கணக்கு

வேலை தேடும் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி உள்ளூர்ப் பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுக்கிறாள். பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவம் உண்டு. பிரெஞ்சு, ஓவியம், இசை தெரியும். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேலை வேண்டும். பெயர் போடவில்லை, இரண்டு எழுத்துகள் மட்டும். பதிலைத் தபால் நிலையத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். வருவது ஒரே ஒரு கடிதம். ஒரு சிறுமி, பத்து வயதுக்குள். சம்பளம் ஆண்டுக்கு 30 பவுண்டு. நன்னடத்தைச் சான்று தேவை.

அந்தக் கடிதத்தை அவள் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். கையெழுத்து பழைய பாணியில், வயதான பெண்மணி எழுதியது போல இருக்கிறது. அதில் அவளுக்கு ஓர் ஆறுதல். தானாகத் தேடிக்கொண்ட வேலை. எங்கேயாவது போய் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் உள்ளூர இருக்கிறது. கறுப்பு உடுப்பும் விதவைத் தொப்பியும் அணிந்த மரியாதையான ஓர் அம்மாளைக் கற்பனை செய்துகொண்டு பெட்டியைக் கட்டுகிறாள்.

சார்லட் பிராண்டே எழுதி 1847 அக்டோபரில் வெளிவந்த 'ஜேன் அயர்' நாவலில், கதாநாயகி தார்ன்ஃபீல்டு மாளிகைக்குப் போய்ச் சேரும் விதம் இது. பழைய மாளிகை, பூட்டிய அறைகள், புதிதாக வந்து இறங்கும் இளம் ஆசிரியை என்ற கதைக்கட்டு அதன்பின் உலகமெங்கும் பரவியது. தமிழிலும் 1969-இல் ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்த 'சாந்தி நிலையம்' இந்த நாவலை ஒட்டி வந்த படம்தான். அதன் வண்ண ஒளிப்பதிவுக்காக மார்கஸ் பார்ட்லிக்குத் தேசிய விருது கிடைத்தது. இந்தக் கதைகளைப் பேய்க்கதை வரிசையில் சேர்த்துவிடுவது வழக்கம். ஆனால் ஜேன் அயரை நிதானமாகப் படித்தால், அங்கே பயத்தை உண்டாக்குவது பேய் இல்லை என்று தெரியும். யாருக்கு எவ்வளவு சம்பளம், சாவி யார் கையில், எதைக் கேட்க யாருக்கு உரிமை என்ற கணக்குகள்தான் அந்த வீட்டை இருட்டாக்குகின்றன. நாவலை அந்தப் பக்கமிருந்து பார்க்கலாம்.

முதலில் இந்த வேலையைப் பற்றி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியான குடும்பங்கள் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைவிட, வீட்டோடு ஓர் ஆசிரியையை வைத்துக்கொள்வதையே விரும்பின. கவர்னஸ் என்று அவர்களுக்குப் பெயர். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தொழிலில் இருந்தார்கள். பெரும்பாலும் பாதிரியார்களின் மகள்கள், நொடித்துப்போன வியாபாரிகளின் மகள்கள். படிப்பு உண்டு, பணம் இல்லை. கௌரவம் கெடாமல் ஒரு பெண் சம்பாதிக்க அன்று இருந்த வழிகள் மிகச் சில. அதில் இது முக்கியமானது.

பிராண்டே குடும்பத்துக்கு இது நேரடி அனுபவம். சார்லட், அவர் தங்கை ஆன் இருவருமே இந்த வேலைக்குப் போனவர்கள். 1839 கோடையில் சார்லட் யார்க்ஷயரில் சிட்ஜ்விக் என்ற குடும்பத்தில் சில வாரங்கள் இருந்தார். பகலெல்லாம் பிள்ளைகளை மேய்ப்பது, மாலையில் கெஜக் கணக்கில் துணி ஓரம் தைப்பது, பொம்மைகளுக்குச் சட்டை தைப்பது. அங்கிருந்து தங்கை எமிலிக்கு எழுதிய கடிதத்தில், செய்து முடிக்க வேண்டிய வேலைகளைத் தவிர்த்து கவர்னஸ் என்று ஒரு மனுஷி உயிரோடு இருப்பதாகவே யாரும் நினைப்பதில்லை என்று குமுறியிருக்கிறார். 1841-இல் ராடன் என்ற ஊரில் இன்னொரு வீடு. அங்கே சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண்டு என்று பேச்சு. துணி வெளுக்கும் செலவைப் பிடித்துக்கொண்டு கையில் வந்தது 16. நாவலில் ஜேனுக்குக் கிடைக்கும் 30 பவுண்டு, எழுதியவருக்குக் கிடைத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்த ஆசிரியை வீட்டில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாள்? கேட்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் நிலைமை முழுவதும் அதில் இருக்கிறது. எஜமானர்களோடு மேசையில் உட்கார முடியாது; சம்பளம் வாங்குபவள். வேலைக்காரர்களோடு அடுக்களையில் உட்காரவும் முடியாது. படித்தவள், நல்ல குடும்பத்துப் பெண். ஆக, பிள்ளைகளோடு அல்லது தனியாக. இரண்டு தரப்பின் பேச்சும் அவள் காதில் அரைகுறையாக விழும், முழுவதும் யாரும் சொல்லமாட்டார்கள். வேலையை உதறிவிட்டுப் போகலாம் என்றால் அடுத்த வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, பழைய எஜமானி கொடுத்த நன்னடத்தைச் சான்று எங்கே என்பது. அதனால் கண்டதைக் கேட்காமல், கேட்டதைச் சொல்லாமல் இருப்பது அந்தத் தொழிலின் எழுதாத விதி.

ஒரு கதையாசிரியருக்கு இப்படிப்பட்ட ஆள் கிடைப்பது பெரிய பாக்கியம். வீட்டுக்குள்ளேயே இரவும் பகலும் இருக்கிறாள், ஆனால் வீட்டைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. புத்திசாலி, கவனிப்பவள், ஆனால் விசாரிக்க வாய் இல்லாதவள். கோதிக் கதை என்ற வகையே அதற்கு 80 ஆண்டுகளுக்கு முன் தோன்றியதுதான். 1764-இல் ஹொரேஸ் வால்போல் 'ஒட்ரான்டோ கோட்டை'யை எழுதித் தொடக்கி வைத்தார். 1790-களில் ஆன் ராட்கிளிஃப் அதை வீடுதோறும் படிக்கவைத்தார். அந்தக் கதைகளின் கோட்டைகள் இத்தாலியில், எங்கோ மலைமுகட்டில் இருந்தன. அங்கே சிக்கிக்கொண்ட பெண்கள் கடத்தப்பட்டவர்கள் அல்லது பெரிய சொத்துக்கு வாரிசுகள். சார்லட் அந்தக் கோட்டையைக் கழற்றி யார்க்ஷயருக்குக் கொண்டுவந்தார். உள்ளே வருபவள் தானாக விளம்பரம் கொடுத்து, சம்பளம் பேசி, வண்டியேறி வருகிறாள். பயத்தைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்த இந்த இடமாற்றமே அவர் செய்த பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

வந்து இறங்கிய இரவே ஜேன் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறாள். கணப்பருகே பின்னல் வேலை செய்துகொண்டிருந்த மிசஸ் ஃபேர்ஃபாக்ஸ் எழுந்து வந்து அன்பாக வரவேற்க, வீட்டுக்காரி இவர்தான் என்று நினைத்துக்கொள்கிறாள். மறுநாள்தான் தெரிகிறது, அவர் வீட்டை நிர்வகிக்கும் பெண்மணி, அவரும் சம்பளக்காரரே. வீட்டுக்குச் சொந்தக்காரர் ரோச்செஸ்டர் என்று ஒருவர். ஊரில் இருப்பதே அபூர்வம். வேலைக்கு எடுத்தவர் யார் என்பதுகூடத் தெரியாமல் வேலைக்கு வந்திருக்கிறாள் ஜேன்.

அன்றே மிசஸ் ஃபேர்ஃபாக்ஸ் அவளை மொட்டைமாடி வரை கூட்டிப்போய் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார். வழியில் மூன்றாம் மாடி. கீழே காலத்துக்கேற்ப அறைகலன்களை மாற்றும்போது பழையதையெல்லாம் மேலே ஏற்றிவிடுவது அந்த வீட்டின் வழக்கம். நூறு வருஷத்துக் கட்டில்கள், செதுக்கு வேலைப்பாடு கொண்ட பெட்டிகள், எப்போதோ செத்துப்போனவர்களின் கைப்பூவேலை. நடுவே தாழ்ந்த கூரையோடு குறுகலான நடை; அதன் இருபுறமும் வரிசையாகச் சின்னச் சின்னக் கறுப்புக் கதவுகள், எல்லாம் சாத்தியிருக்கின்றன. இங்கே வேலைக்காரர்கள் படுப்பார்களா என்று ஜேன் கேட்கிறாள். யாரும் படுப்பதில்லை என்று பதில் வருகிறது. அடுத்த சில நிமிடங்களில், கதவுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு.

மிசஸ் ஃபேர்ஃபாக்ஸ் கொஞ்சமும் அசராமல் கிரேஸ் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரு கதவு திறக்கிறது. முப்பதும் நாற்பதும் சொல்லத்தக்க வயதில், கட்டையான உடம்பும் செம்பட்டை முடியுமாக ஒரு பெண். சத்தம் அதிகம், சொல்லிவைத்ததை ஞாபகம் வைத்துக்கொள் என்று அவளைக் கடிந்துவிட்டு நகர்கிறார்கள். தையல் வேலைக்காரி கிரேஸ் பூல் என்று ஜேனுக்கு விளக்கம் கிடைக்கிறது. பேயே வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்புக்கும் அந்த முகத்துக்கும் பொருந்தவே இல்லை. சொல்லிவைத்தது என்ன, சொன்னவர் யார்? கேட்கத் தோன்றினாலும் முந்தின இரவு வந்தவள் எப்படிக் கேட்பாள்?

பிறகு ஓர் இரவு. கதவின் சாவித்துவாரத்தருகே அதே சிரிப்பு கேட்டு ஜேன் விழித்துக்கொள்கிறாள். நடையில் எரியும் மெழுகுவத்தி ஒன்று தரையில் கிடக்கிறது. ரோச்செஸ்டரின் அறையிலிருந்து புகை. உள்ளே கட்டில் திரை பற்றி எரிய, அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் ஜாடிகளைக் கவிழ்த்து ஜேன் நெருப்பை அணைக்கிறாள். அவர் மாடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, கிரேஸ் பூல் வேலைதான் என்பதுபோல் அவள் நினைக்க இடம் கொடுத்துவிட்டு, வெளியே சொல்லாதே என்கிறார்.

மறுநாள் நடக்கும் சிறிய காட்சிதான் நாவலிலேயே எனக்கு மிகப் பிடித்தது. எரிந்துபோன அந்த அறையில் கிரேஸ் பூல் அமைதியாக உட்கார்ந்து புதுத் திரைக்கு வளையம் தைத்துக்கொண்டிருக்கிறாள். முகத்தில் குற்ற உணர்ச்சியோ பயமோ இல்லை. பேச்சுவாக்கில் ஜேனிடம், இரவில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதுண்டா என்று விசாரிக்கிறாள். ஜேனுக்கு ரத்தம் கொதிக்கிறது: கொலைகாரி, என் வழக்கத்தைத் தெரிந்துகொண்டு அடுத்து என்னிடம் வரப் பார்க்கிறாள்! முதல் வாசிப்பில் நாமும் அப்படியே நினைக்கிறோம். உண்மை தெரிந்தபின் திரும்பிப் படித்தால் காட்சி தலைகீழாகிறது. உத்தரவை மீறாமல் தன்னால் முடிந்த அளவில் அந்தப் பெண்ணுக்கு எச்சரிக்கை சொன்ன ஒரே ஆள் கிரேஸ் பூல். அந்த வீட்டில் ஜேனிடம் நேர்மையாக நடந்துகொண்டவள் அவள்தான். அவள்மேல்தான் ஜேனுக்குச் சந்தேகம்.

உண்மையின் நுனி வேறோர் இடத்திலும் தெரிகிறது. வீட்டுக்கு விருந்தாளிகள் வரப்போகும் பரபரப்பில், வேலைக்காரி லேயாவும் உதவிக்கு வந்த ஒருத்தியும் கிரேஸின் சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொள்வது ஜேன் காதில் விழுகிறது. தன் சம்பளம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்கிறாள் லேயா. ஜேனைக் கண்டதும் மற்றவளுக்குக் கண்ஜாடை காட்டிப் பேச்சை நிறுத்துகிறாள். துணி தைப்பவளுக்கு எதற்கு இத்தனை பணம்? கதவைத் திறக்காமலே ரகசியத்தின் கனத்தை அளந்துவிட அந்தத் தொகை போதும். பின்னால் ரோச்செஸ்டரே ஒரு தொகையைச் சொல்கிறார்: மனைவியோடு அந்த வீட்டில் தங்கியிருக்க கிரேஸுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு கொடுப்பதாக. பாடம் சொல்பவளுக்கு 30. ரகசியத்தைக் காப்பவளுக்கு 200.

கதவு திறப்பது கல்யாணத்தன்று. தேவாலயத்தில் ஜேனுக்கும் ரோச்செஸ்டருக்கும் மணம் நடக்கும் நேரத்தில் ஒரு வக்கீல் எழுந்து, மணமகனுக்கு உயிரோடு ஒரு மனைவி இருக்கிறாள் என்று அறிவிக்கிறார். ரோச்செஸ்டர் எல்லோரையும் மூன்றாம் மாடிக்கு அழைத்துப் போகிறார். ஓர் அறையில் தொங்கும் சித்திரத் திரையை விலக்கினால் இரண்டாவது கதவு. அதற்குப் பின்னால் சன்னல் இல்லாத அறை. உயரமான கம்பித் தடுப்புக்குள் கணப்பு எரிகிறது, கூரையிலிருந்து சங்கிலியில் விளக்கு தொங்குகிறது. அங்கே பத்து ஆண்டுகளாக அடைபட்டிருப்பவள் பெர்த்தா மேசன். கிரேஸ் தையல்காரி என்பது பொய்; மனநோய் இல்லம் ஒன்றின் தொடர்பில் அமர்த்தப்பட்ட காவல்காரி. அவள் ஜின் குடித்து அயரும்போது பெர்த்தா சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவதுண்டு. சிரிப்பு, தீ எல்லாம் அப்படி வந்தவை.

பெர்த்தா அந்த அறைக்கு வந்த கதையிலும் பணக் கணக்கே முன்னால் நிற்கிறது. ரோச்செஸ்டரின் அப்பாவுக்குச் சொத்தைப் பிரிக்க மனம் வரவில்லை. நிலம் முழுவதும் மூத்தவனுக்கு. இளையவன் ஏழையாகவும் இருக்கக் கூடாதே! ஜமைக்காவில் பெருந்தோட்ட வியாபாரியான மேசனின் மகளுக்கு 30,000 பவுண்டு சீதனம் என்று கேள்விப்பட்டு இளையவனை அங்கே அனுப்பிவைத்தார். ஜேனின் சம்பளத்தில் அது ஆயிரம் வருஷத்துச் சம்பளம். அன்றைய சட்டப்படி, தனி ஏற்பாடு ஏதும் செய்துவைக்காவிட்டால், கல்யாணமானதும் பெண்ணின் பணம் கணவனுடையது. மூத்தவரும் அப்பாவும் இறந்தபின் இளையவருக்கு நிலமும் வந்து சேர்ந்தது. ஜமைக்காப் பணம், தார்ன்ஃபீல்டு நிலம் இரண்டும் அவர் கையில், பெர்த்தா மாடியில்.

மனைவிக்குப் புத்தி பேதலித்ததைக் காரணம் காட்டி இங்கிலாந்தில் விவாகரத்து வாங்க முடியாது. 1857 வரை விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். பைத்தியம் ஒரு காரணமாக ஏற்கப்பட்டது 1937-இன் சட்டத்தில்தான். ஆகவே ரோச்செஸ்டர் சிக்கிக்கொண்டார் என்பதில் உண்மை உண்டு. ஆனால் வேறு வழியே இல்லை என்று அவர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதே யார்க்ஷயரில், மனநோயாளிகளைச் சங்கிலி போடாமல் அன்போடு நடத்துவதற்காகக் குவேக்கர்கள் நடத்திய யார்க் ரிட்ரீட் 1796-இலிருந்தே இருந்தது. அங்கே சேர்த்திருந்தால் ஊருக்குத் தெரிந்திருக்கும். அவர் தவிர்த்தது அதைத்தான். வீட்டிலேயே வைத்துப் பூட்டினால் கேட்பாரில்லை.

ஜேனிடம் அவர் சொல்லும் ஒரு விளக்கம் இன்னும் நெருடுகிறது. அவளை நேரில் பார்ப்பதற்கு முன்பே, புது ஆசிரியைக்கு இந்த விஷயம் தெரியக் கூடாது என்று வீட்டில் உத்தரவிட்டாராம். தெரிந்தால் எந்த ஆசிரியையும் தங்கமாட்டாள் என்ற பயம். கிரேஸுக்குச் சொல்லிவைத்தது என்ன என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது. பெர்த்தாவை உள்ளே வைக்கவே அந்தப் பூட்டு என்று நினைத்திருந்தோம். ஜேனை வீட்டில் நிறுத்திவைப்பதற்கும் அதுவே பூட்டு.

தார்ன்ஃபீல்டுக்கு மாதிரியாக யார்க்ஷயரில் ரிப்பன் நகருக்கு அருகே உள்ள நார்ட்டன் கானியர்ஸ் மாளிகையைப் பலர் காட்டுவார்கள். 1624 முதல் கிரகாம் குடும்பத்தின் கையில் இருக்கும் பழைய வீடு. சிட்ஜ்விக் குடும்பத்தில் வேலை பார்த்த 1839-இல் சார்லட் இங்கே வந்ததாகவும், மேல்தளத்துச் சிற்றறையில் முன்னொரு காலத்தில் மனநோயுற்ற பெண் ஒருத்தியை அடைத்துவைத்திருந்த கதையைக் கேட்டதாகவும் நம்பப்படுகிறது. 2004-இல் அங்கே சுவர்ப் பலகைகளுக்குப் பின்னால், முதல் மாடியையும் கூரைக்கடியிலுள்ள அறைகளையும் இணைத்து, எப்போதோ அடைக்கப்பட்டுவிட்ட ஒரு படிக்கட்டு கண்டுபிடிக்கப்பட்டது. நாவலுக்கு இது சாட்சி ஆகாது. யார்க்ஷயரில் பழைய வீடுகளும் அவற்றுக்கு ஒரு பைத்தியக்காரப் பெண் கதையும் ஏராளம். ஆனால் அப்படிப்பட்ட கதை எத்தனை வீடுகளுக்கு இருந்தது என்பதே யோசிக்க வைக்கிறது.

சார்லட் திறந்துவிட்ட வழியில் வந்தவர்களில் ஹென்றி ஜேம்ஸ் தனித்து நிற்கிறார். 1898-இல் வந்த அவருடைய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' குறுநாவலிலும் பாதிரியார் மகளான ஓர் இளம் ஆசிரியை, தொலைவிலுள்ள பெரிய வீடு, இரண்டு குழந்தைகள். வேலை கொடுப்பவர் விதிக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: எது நடந்தாலும் எனக்கு எழுதக் கூடாது, தொந்தரவு செய்யக் கூடாது. ஜேனுக்குக் கேட்கும் உரிமை வாயளவில் மறுக்கப்பட்டது. இங்கே அது வேலை ஒப்பந்தத்திலேயே மறுக்கப்படுகிறது. அந்த வீட்டில் அவள் காணும் உருவங்கள் பேயா, அவள் மனம் புனைந்ததா என்பதை ஜேம்ஸ் கடைசிவரை சொல்லவில்லை. விசாரிக்க ஆளே இல்லாத இடத்தில் அவளுக்கும் தெரிய வழியில்லை.

ஜேன் அயரில் ஒரு குறை நெடுங்காலம் யார் கண்ணுக்கும் பெரிதாகப் படவில்லை. பெர்த்தா சிரிக்கிறாள், உறுமுகிறாள், கடிக்கிறாள். அவள் பேசிய ஒரு வாக்கியம்கூட ஜேனின் காதில் விழுவதில்லை. அவளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் கணவர் சொன்னது. கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரிஸுக்கு இது ஆறாமல் இருந்தது. தன் ஊர்ப்பக்கத்துப் பெண்ணை இப்படியா காட்டுவது என்ற கோபம் பல ஆண்டுகள் உள்ளேயே கனன்று, 1966-இல் 'வைட் சர்காசோ சீ' என்ற நாவலாக வந்தது. அடிமை முறை ஒழிந்தபின் சிதிலமாகிக்கொண்டிருக்கும் தோட்ட வீட்டில் அந்தக் கதை தொடங்குகிறது. அங்கே அவள் பெயர் ஆன்டோய்னெட். பெர்த்தா என்பது கணவன் வைத்த பெயர். கடைசிப் பகுதியில் அவள் அதே மாடி அறையில் இருக்கிறாள். கதவுக்கு உள்ளிருந்து பேசுவது இந்த முறை அவளே. கிரேஸ் பூலும் அங்கே இருக்கிறாள், தனக்குப் பேசிய சம்பளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு.